கவரிங் லெட்டர் எங்கே இருக்க வேண்டும்: மெயிலுக்குள்ளா, இணைப்பிலா?

மின்னஞ்சல் வழியாக வேலைக்கு விண்ணப்பிக்கும்போது கவரிங் லெட்டரை இரண்டு இடங்களில் வைக்கலாம். மெயில் எழுதும் பகுதியிலேயே கடிதமாக எழுதிவிடுவது ஒரு வழி. தனிக் கோப்பாகத் தயாரித்து ரெஸ்யூமேயோடு சேர்த்து இணைப்பது இன்னொரு வழி. விளம்பரத்தில் பெரும்பாலும் ஒரு முகவரியைக் கொடுத்து ‘ரெஸ்யூமே அனுப்பவும்’ என்பதோடு நிறுத்திவிடுவார்கள். கடிதத்தை எங்கே வைப்பது என்பதை விண்ணப்பிப்பவரேதான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

தபாலில் விண்ணப்பம் போன காலத்தில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. ஒரே உறைக்குள் மேலே கடிதம், அதன் கீழே பயோடேட்டா, கடைசியில் சான்றிதழ் நகல்கள் என்று அடுக்கி அனுப்புவார்கள். உறையைப் பிரிப்பவர் கண்ணில் கடிதம்தான் முதலில் படும். மின்னஞ்சலும் தொடக்கத்தில் வெறும் எழுத்தை மட்டுமே சுமந்தது. 1992-இல் நத்தானியல் போரன்ஸ்டைன், நெட் ஃபிரீட் இருவரும் சேர்ந்து வகுத்த ‘மைம்’ என்ற முறை வந்த பிறகுதான், எந்தக் கோப்பையும் மெயிலோடு கோத்து அனுப்புவதற்குப் பொதுவான ஏற்பாடு உருவானது. கடிதத்துக்கு இரண்டு இடங்கள் கிடைத்ததும் அதன் விளைவுதான்.

விளம்பரமே வழி சொல்லியிருந்தால் அதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை. ‘கடிதத்தையும் ரெஸ்யூமேயையும் ஒரே பி.டி.எஃப். கோப்பாக அனுப்பவும்’ என்றால் கடிதம் முதல் பக்கம், ரெஸ்யூமே அடுத்த பக்கம். ‘இணைப்புகள் உள்ள மெயில் ஏற்கப்படாது’ என்று சொல்லும் அலுவலகங்களும் உண்டு. வைரஸ் பயம்தான் காரணம். அங்கே கடிதத்தை மெயிலிலேயே எழுதி, அதன் கீழே ரெஸ்யூமேயையும் வெறும் எழுத்தாக ஒட்ட வேண்டும். கட்டங்களும் இரண்டு பத்தி அமைப்பும் இதில் சிதறிவிடும் என்பதால் ஒவ்வொரு விவரத்தையும் தனி வரியாக இறக்கி எழுதுவது நல்லது. விளம்பரம் கேட்டபடி அனுப்பாத விண்ணப்பம், உள்ளே என்ன எழுதியிருந்தாலும், அறிவுரையைப் படிக்காதவர் என்ற முத்திரையோடுதான் உள்ளே போகும்.

விளம்பரம் எதுவும் சொல்லாதபோதுதான் சிக்கல். அப்போது விண்ணப்பம் போய்ச் சேரும் பாதையைத் தொடர்ந்து பார்ப்பது உதவும். முதலில் யார் திறக்கிறார், அவர் கையிலிருந்து அது எந்த வடிவில் அடுத்தவருக்குப் போகிறது என்ற இரண்டையும் ஊகித்துவிட்டால் கடிதத்தின் இடம் ஏறக்குறையத் தெளிவாகிவிடும்.

முதலில் திறப்பவர் பெரும்பாலும் மனிதவளப் பிரிவில் இருக்கும் ஒருவர். சிறிய நிறுவனமாக இருந்தால் முதலாளியோ அவருடைய அலுவலக உதவியாளரோ. அவர் பார்ப்பது மெயில்களின் பட்டியல். அனுப்பியவர் பெயர், பொருள் வரி, அதை அடுத்து மெயிலின் முதல் சில சொற்கள் மட்டும் அந்தப் பட்டியலில் தெரியும். ‘மதிப்பிற்குரிய ஐயா/அம்மா, என் ரெஸ்யூமேயையும் கவரிங் லெட்டரையும் இத்துடன் இணைத்துள்ளேன்’ என்று தொடங்கும் மெயில் அந்த இடத்தில் எதையும் சொல்வதில்லை. அதற்கு மேலும் கீழும் இருக்கும் இருபது மெயில்களும் அதே சொற்களோடுதான் தொடங்கியிருக்கும்.

மெயிலைத் திறந்ததும் உள்ளே எழுதியிருப்பது தானாகக் கண்ணில் படுகிறது. இணைப்பைப் பார்க்க வேண்டுமானால் இன்னொரு முறை தட்ட வேண்டும். கைபேசியில் என்றால் அது இறங்கும்வரை காத்திருக்கவும் வேண்டும். இரண்டு இணைப்புகள் இருந்தால் அவர் முதலில் திறப்பது ரெஸ்யூமேயைத்தான், ஏனென்றால் அவருக்கு வேண்டியது அதுதான். கடிதத்தின் முறை பிறகு வரும், அல்லது வராமலே போகும். ஆகவே மெயிலுக்குள் இருக்கும் கடிதம் ரெஸ்யூமேக்கு முன்னால் படிக்கப்படுகிறது. இணைப்பில் இருக்கும் கடிதம் ரெஸ்யூமேக்குப் பின்னால் படிக்கப்படுகிறது.

இந்த முன்பின் அற்ப விஷயமாகத் தோன்றலாம். ஆனால் ரெஸ்யூமே தானாகச் சொல்லாததைச் சொல்வதற்குத்தான் கடிதம் இருக்கிறது. துறை மாறுவதற்கான காரணம், நடுவில் விழுந்த ஓராண்டு இடைவெளி, வெளியூர்க்காரர் இந்த ஊரில் வேலை தேடுவது ஏன் என்பது போன்ற விளக்கங்கள் ரெஸ்யூமேயைப் பார்க்கும் முன்னரே கிடைத்தால் அதைப் படிக்கும் கண் மாறும். ‘இது நமக்குப் பொருந்தாது’ என்று முடிவு செய்து ரெஸ்யூமேயை மூடியவர், அதற்குப் பிறகு கடிதத்தைத் திறப்பது அரிது.

இதுவரை பார்த்தால் மெயிலுக்குள் எழுதுவதே சரி என்று தோன்றும். பாதையின் அடுத்த கட்டம் அப்படி இல்லை.

முதலில் திறந்தவர் மெயிலை அப்படியே ‘ஃபார்வர்டு’ செய்தால் உள்ளே எழுதியதும் இணைப்புகளும் சேர்ந்தே போகும். எல்லோரும் அப்படிச் செய்வதில்லை. பலர் ரெஸ்யூமேயை மட்டும் இறக்கி, அந்த வேலைக்கான பொது ஃபோல்டரில் போட்டுவைப்பார்கள். சிலர் அச்செடுத்து மேலாளர் மேசையில் வைப்பார்கள். தமிழ்நாட்டின் சிறு, நடுத்தர நிறுவனங்களில் இன்னொரு வழக்கமும் உண்டு: ரெஸ்யூமே கோப்பை வாட்ஸ்அப்பில் மேலாளருக்கோ முதலாளிக்கோ தள்ளிவிட்டு ‘சார், இதைப் பாருங்க’ என்று ஒரு வரி போடுவது. இந்த மூன்று வழியிலும் மெயிலுக்குள் எழுதிய கடிதம் பின்தங்கிவிடுகிறது. தனிக் கோப்பாக இருந்த கடிதத்துக்காவது கூடப் போக ஒரு வாய்ப்பு உண்டு.

பெரிய நிறுவனங்களில் மனிதருக்கு முன்னால் ஒரு மென்பொருள் நிற்கலாம். வரும் மெயிலிலிருந்து ரெஸ்யூமே கோப்பை எடுத்து, பெயர், தொலைபேசி எண், படிப்பு, அனுபவம் ஆகியவற்றைப் பிரித்துக் கட்டங்களில் நிரப்புவது அதன் வேலை. மெயிலில் எழுதியதைக் குறிப்பாகச் சேர்த்துவைக்கும் அமைப்பும் உண்டு, விட்டுவிடும் அமைப்பும் உண்டு. இரண்டு கோப்புகள் இருந்து, எது ரெஸ்யூமே என்று பெயரில் தெளிவில்லாவிட்டால் மென்பொருள் குழம்பலாம். கேட்காதபோது கடிதத்தையும் ரெஸ்யூமேயையும் ஒரே கோப்பாக ஒட்டுவதிலும் இதே ஆபத்து இருக்கிறது. கடிதத்தின் தலைப்பில் இருக்கும் நிறுவனத்தின் பெயரும் முகவரியும் விண்ணப்பித்தவருடைய விவரமாகப் பதிவாகிவிடக்கூடும்.

வேலைவாய்ப்பு கன்சல்டன்சிகளின் கதை தனி. அவர்கள் ரெஸ்யூமேயிலிருந்து தொடர்பு எண்ணை நீக்கி, தங்கள் சின்னத்தைப் போட்டு, கம்பெனிக்கு அனுப்புவது வழக்கம். கவரிங் லெட்டர் அங்கே கம்பெனிவரை போய்ச் சேர்வது அரிது. ஆகவே கன்சல்டன்சிக்கு எழுதும்போது இணைப்பில் அழகான கடிதம் வைப்பது வீண் உழைப்பு. அவர் அடுத்து கைபேசியில் கேட்கப்போகும் கேள்விகளான இப்போதைய சம்பளம், எதிர்பார்க்கும் சம்பளம், நோட்டீஸ் காலம், எந்த ஊரில் சேர முடியும் ஆகிய நான்குக்கும் மெயிலிலேயே நான்கு வரிகளில் பதில் எழுதிவிடுவது அவருக்கும் விண்ணப்பிப்பவருக்கும் நேரத்தை மிச்சப்படுத்தும்.

இதை ஓர் உதாரணத்தில் முழுதாகப் பார்க்கலாம். திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் மெர்ச்சண்டைசர் தேவை என்று விளம்பரம் தருகிறது. மூன்று ஆண்டு அனுபவம் வேண்டும், ரெஸ்யூமேயை மெயிலில் அனுப்பவும் என்பதோடு விளம்பரம் முடிகிறது. விண்ணப்பிக்கும் பெண் கரூரில் வீட்டு ஜவுளி ஏற்றுமதி செய்யும் இடத்தில் நான்கு ஆண்டுகள் உதவி மெர்ச்சண்டைசராக இருந்தவர். அதற்குப் பிறகு ஓராண்டு வேலையில் இல்லை. அவருடைய ரெஸ்யூமேயை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டு உறுத்தல்கள் வரும்: படுக்கை விரிப்பும் திரைச்சீலையும் பார்த்தவருக்கு டி-ஷர்ட் தெரியுமா? கடந்த ஓராண்டு என்ன செய்தார்?

இரண்டுக்கும் பதில் கடிதத்தில்தான் இருக்க முடியும்; அந்தப் பதில் ரெஸ்யூமேக்கு முன்னால் படிக்கப்பட வேண்டும். முதலில் திறக்கப்போகிறவர் தினமும் பல விண்ணப்பங்களைப் புரட்டும் மனிதவள அலுவலர். நிறுவனம் பெரிய குழு வைத்துத் தேர்வு செய்யும் இடமும் அல்ல. ஆகவே கடிதம் மெயிலுக்குள் போக வேண்டும். இத்தகைய நிறுவனங்களுக்குப் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் எழுதுவார்கள். செய்தி என்னவோ இந்த அளவுதான்:

“வணக்கம். உங்கள் நிறுவனத்தின் மெர்ச்சண்டைசர் பணிக்கு விண்ணப்பிக்கிறேன். கரூரில் வீட்டு ஜவுளி ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் 4 ஆண்டுகள் உதவி மெர்ச்சண்டைசராக இருந்தேன். இரண்டு ஐரோப்பிய பையர்களின் ஆர்டர்களைச் சாம்பிள் முதல் ஷிப்மென்ட் வரை கவனித்தேன். காஸ்டிங் ஷீட் போடுவதும், சாயப்பட்டறை, பிரிண்டிங் யூனிட்டுகளிடம் தேதி வாங்கி முடிப்பதும் என் பொறுப்பில் இருந்தன.

பின்னலாடையில் ஃபிட் சாம்பிள், சைஸ் செட் வேலை எனக்குப் புதிது. பையரோடு கடிதப் போக்குவரத்து, ஆர்டர் அட்டவணை, ஜாப் ஒர்க் பின்தொடர்தல் ஆகியவை பழகியவை.

குடும்பத்தில் ஒருவரின் சிகிச்சைக்காகக் கடந்த ஓராண்டு வேலையில் இல்லை. அந்தத் தேவை இப்போது முடிந்துவிட்டது. திருப்பூரில் தங்கி உடனே சேர முடியும். ரெஸ்யூமே இணைப்பில் உள்ளது.”

கீழே பெயர், அதன் கீழே கைபேசி எண். இதற்கு மேல் தேவையில்லை. தபால் கடிதத்தில் வழக்கமாக மேலே வரும் அனுப்புநர், பெறுநர் முகவரிகளும் தேதியும் மெயிலுக்குள் வேண்டாம். மெயிலே அவற்றைக் காட்டுகிறது. அவற்றைப் போட்டால் கைபேசித் திரையின் முதல் பாதியை முகவரி அடைத்துக்கொள்ளும். படிப்பவர் விஷயத்துக்கு வர விரலால் தள்ள வேண்டியிருக்கும். பொருள் வரியில் பதவியின் பெயரும் அனுபவ ஆண்டுகளும் இருந்தால் போதும். விளம்பரத்தில் குறிப்பு எண் இருந்தால் அதுவும் சேரும்.

மெயிலுக்குள் எழுதும் கடிதம் ஒரு பக்கக் கடிதத்தைவிடச் சிறியதாக இருக்க வேண்டும் என்பதை மேலே உள்ள அளவே காட்டும். ஏறக்குறைய 150 முதல் 200 ஆங்கிலச் சொற்கள் என்பது வசதியான எல்லை. அச்சிட்ட ஒரு பக்கத்தில் அடங்கும் 400 சொற்கள் கைபேசியில் பல திரைகளாக நீளும். அவ்வளவு சொல்ல இருந்தால் அந்தக் கடிதம் மெயிலுக்கு உரியதல்ல.

இப்போது வாட்ஸ்அப் சிக்கல். மனிதவள அலுவலருக்குக் கடிதம் பிடித்திருக்கிறது. ரெஸ்யூமேயை மட்டும் மெர்ச்சண்டைசிங் மேலாளரின் கைபேசிக்குத் தள்ளுகிறார். மேலாளருக்கு அந்த இரண்டு உறுத்தல்களும் மறுபடி வரும். இதற்குத் தீர்வு கடிதத்தையும் இணைப்பதல்ல, ரெஸ்யூமேயைத் திருத்துவது. அதன் தலைப்புக்குக் கீழே மூன்று வரிகள்: ஏற்றுமதி மெர்ச்சண்டைசிங்கில் 4 ஆண்டுகள், சாம்பிள் முதல் ஷிப்மென்ட் வரை பொறுப்பு, திருப்பூரில் உடனே சேரத் தயார். பணி வரலாற்றில் இடைவெளி இருக்கும் இடத்தில் ‘குடும்பத்தில் மருத்துவக் கவனிப்பு’ என்று ஆண்டோடு ஒரு வரி. கடிதத்தின் சாரம் ரெஸ்யூமேயின் நெற்றியில் இருந்துவிட்டால், கடிதம் வழியில் தவறினாலும் விண்ணப்பம் ஊமையாகிவிடாது. எங்கே வைப்பது என்று தலையை உடைத்துக்கொள்பவர்கள் பெரும்பாலும் இதைச் செய்வதில்லை.

அதே பெண் வேறு விதமான வேலைக்கு விண்ணப்பித்தால் முடிவு தலைகீழாகும். ஒரு பல்கலைக்கழகத்தின் திட்டப் பணி என்று வைத்துக்கொள்ளலாம். அங்கே ஒருவர் அல்ல, தேர்வுக்குழு படிக்கும். வரும் மெயில்களை ஓர் அலுவலக ஊழியர் திறந்து, ஒவ்வொரு விண்ணப்பத்தின் கோப்புகளையும் தொகுத்துக் குழு உறுப்பினர்களுக்குக் கொடுப்பார். அவர் மெயிலில் எழுதியதை வெட்டி எடுத்து அந்தத் தொகுப்பில் சேர்க்கப்போவதில்லை. பிரிட்டனில் பல்கலைக்கழகங்களும் அரசு சார்ந்த அமைப்புகளும் பதவிக்குத் தேவையான தகுதிகளைப் பட்டியலாகத் தந்து, ஒவ்வொன்றையும் விண்ணப்பதாரர் எப்படி நிறைவு செய்கிறார் என்று எழுதக் கேட்பது வழக்கம். அப்படிப்பட்ட கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டும். குழு உறுப்பினர் அதைப் பென்சிலோடு உட்கார்ந்து படிப்பார். இங்கே கடிதம் இணைப்பில்தான் இருக்க வேண்டும். முகவரி, தேதி, பொருள், கையொப்பம் என்று முழுக் கடிதத்தின் அமைப்போடும் இருக்க வேண்டும். மெயிலிலிருந்து பிரிந்து தனியாகப் பயணம் செய்யப்போவதால், யார், எந்தப் பதவிக்கு, எப்போது எழுதியது என்பதை அந்தத் தாளே சொல்லியாக வேண்டும்.

அதற்காக மெயிலை வெறுமையாக விடக்கூடாது. ஒன்றும் எழுதாமல் கோப்பை மட்டும் தொங்கவிட்டு வரும் மெயிலைப் பார்த்தால் திறப்பவருக்குச் சந்தேகம் வரும், அலுவலகத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கும் வரலாம். வைரஸ் அனுப்புபவர்களும் அப்படித்தான் அனுப்புகிறார்கள். எந்தப் பதவி, என்ன குறிப்பு எண், எந்தெந்தக் கோப்புகள் இணைக்கப்பட்டுள்ளன, விண்ணப்பிப்பவர் இப்போது என்ன செய்கிறார் என்று மூன்று நான்கு வாக்கியங்கள் போதும். ‘4 ஆண்டு ஏற்றுமதி அனுபவம் உள்ள மெர்ச்சண்டைசர்’ என்பது போன்ற ஒரு துணுக்கு அதில் இருந்தால் கோப்பைத் திறக்கக் காரணமும் கிடைக்கிறது.

எதற்கும் இருக்கட்டும் என்று முழுக் கடிதத்தையும் இரண்டு இடத்திலும் வைப்பவர்கள் பலர். பெரிய தீங்கு என்று சொல்ல முடியாது, ஆனால் நல்ல யோசனையும் அல்ல. மெயிலில் படித்ததையே இணைப்பிலும் பார்ப்பவர் தன் நேரம் வீணானதாக உணர்வார். கடைசி நேரத்தில் ஓர் இடத்தில் திருத்திவிட்டு இன்னோர் இடத்தில் மறந்துவிடுவதும் அடிக்கடி நடக்கிறது. ஒரே விண்ணப்பத்தில் இரண்டு விதமான நோட்டீஸ் காலம் அப்படித்தான் வந்து சேர்கிறது. சுருக்கம் மெயிலில், விரிவு இணைப்பில் என்று பங்கு பிரித்தால் இரண்டுக்கும் வேலை இருக்கும்.

இடத்தை முடிவு செய்த பிறகு அந்தந்த இடத்துக்கு உரிய கோளாறுகளைக் கவனிக்க வேண்டும். மெயிலுக்குள் எழுதுவதில் வரும் முதல் கோளாறு வேர்டிலிருந்து வெட்டி ஒட்டுவது. கூடவே அதன் எழுத்துரு, அளவு, நிறம் எல்லாம் ஒட்டிக்கொண்டு வரும். ஒட்டியதும் எழுதியவர் திரையில் ஒழுங்காகத் தெரியும். பெறுபவரிடம் ஒரு பத்தி பெரிதாகவும் அடுத்தது சிறிதாகவும் நிற்கலாம். கணினியில் ஜிமெயிலைப் பயன்படுத்துபவர்கள் `Ctrl+V`-க்குப் பதில் `Ctrl+Shift+V` அழுத்தினால் அலங்காரம் நீங்கி வெறும் எழுத்து மட்டும் ஒட்டும். இரண்டாவது கோளாறு சோம்பலால் வருவது. முன்பு வேறு நிறுவனத்துக்கு அனுப்பிய விண்ணப்பத்தையே ‘ஃபார்வர்டு’ செய்வார்கள். பொருள் வரியின் தொடக்கத்தில் `Fwd:` நிற்கும். கீழே பழைய பெறுநரின் முகவரியும் தேதியும் அப்படியே தெரியும். இருபது நிறுவனங்களின் முகவரியை ஒரே வரியில் போட்டு அனுப்புவது இதைவிட மோசம்.

இணைப்பில் வரும் கோளாறுகள் கண்ணுக்கு எளிதில் படாதவை. கோப்பின் பெயர் `cover letter final new(2).pdf` என்று இருந்தால், பொது ஃபோல்டரில் இறங்கிய பிறகு அது யாருடையது என்று யாருக்கும் தெரியாது. `Name_Merchandiser_CoverLetter.pdf`, `Name_Merchandiser_Resume.pdf` என்ற மாதிரியில் Name என்ற இடத்தில் சொந்தப் பெயரைப் போட்டால் மனிதருக்கும் மென்பொருளுக்கும் எது எது என்று புரியும். இன்னொன்று கோப்பின் உள்ளே ஒளிந்திருக்கும் தலைப்பு. பிரவுசரில் பி.டி.எஃப். திறக்கும்போது மேலே காட்டப்படுவது பல நேரம் கோப்பின் பெயர் அல்ல, அதன் உள்ளே பதிவாகியிருக்கும் தலைப்பு. நண்பரின் கடிதத்தைத் திருத்தித் தயாரித்த கோப்பில் நண்பரின் பெயரோ, முன்பு விண்ணப்பித்த நிறுவனத்தின் பெயரோ அங்கே உட்கார்ந்திருக்கும். வேர்டில் கோப்பின் ‘ப்ராப்பர்ட்டீஸ்’ பகுதியில் தலைப்பையும் ஆசிரியர் பெயரையும் மாற்றிவிட்டு பி.டி.எஃப். ஆக்கினால் சரியாகிவிடும்.

கடிதம், ரெஸ்யூமே, மதிப்பெண் பட்டியல், அனுபவச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து சேர்க்கும்போது அளவும் தடையாகும். ஜிமெயிலில் அனுப்பும் மெயிலின் உச்ச வரம்பு 25 எம்.பி. இணைப்புகள் அனுப்பப்படும்போது எழுத்தாக மாற்றப்படுவதால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பெருக்கின்றன. ஆகவே 20 எம்.பி. கோப்பே வரம்பை உரசிவிடலாம். வரம்பு மீறினால் ஜிமெயில் அதை டிரைவ் இணைப்பாக மாற்றிவிடும். பெறுபவருக்கு அனுமதி தரப்படாமல் போனால் அவர் திரையில் கோப்புக்குப் பதில் ‘அனுமதி கேட்கவும்’ என்ற அறிவிப்பு வரும். பல அலுவலகங்களின் வரம்பு இதைவிடக் குறைவு. ஜிப் கோப்பாகச் சுருக்குவதும் தீர்வல்ல, பாதுகாப்பு மென்பொருள்கள் ஜிப்பைத் தடுத்து நிறுத்துவது உண்டு. சான்றிதழ்களைக் கேட்டபோது அனுப்பிக்கொள்ளலாம்.

தமிழில் எழுதும் கடிதங்களுக்கு மட்டும் உரிய ஒரு சிக்கலும் இருக்கிறது. தமிழ்வழிப் பள்ளி, பதிப்பகம், பத்திரிகை ஆகியவற்றுக்குத் தமிழில் விண்ணப்பிப்பவர்கள் உண்டு. வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த வேர்டு கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கணினியிலோ கைபேசியிலோ திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியீடும் கலந்த குப்பையாகத் தெரியும். அதை மெயிலுக்குள் ஒட்டினாலும் அதே கதிதான். தமிழ்நாடு அரசு 2010-இல் யூனிகோடைத் தரமாக ஏற்ற பிறகும் பழைய எழுத்துருக்கள் டி.டி.பி. கடைகளில் புழங்குகின்றன. யூனிகோடில் அடித்த தமிழ் என்றால் மெயிலுக்குள் தயக்கமின்றி எழுதலாம். பழைய எழுத்துருவில் இருக்கும் கடிதம் என்றால், அதை பி.டி.எஃப். ஆக்கி, எழுத்துருவைக் கோப்பிலேயே பதித்து, இணைப்பாக அனுப்பலாம்.

இவற்றையெல்லாம் சோதிக்க ஐந்து நிமிடம் போதும். விண்ணப்பத்தை முதலில் தனக்கே வேறொரு முகவரிக்கு அனுப்பி, கணினியில் அல்லாமல் கைபேசியில் திறந்து பார்க்க வேண்டும். பட்டியலில் பொருள் வரியை அடுத்து எந்தச் சொற்கள் தெரிகின்றன, எத்தனை முறை தள்ளினால் கைபேசி எண் வருகிறது, இணைப்பைத் தொட்டதும் திறக்கிறதா, கோப்பின் பெயர் முழுதாகத் தெரிகிறதா என்று பார்த்தால் பிழைகள் தாமாகவே வெளியே வரும். ஆங்கிலத்தில் ‘இணைத்துள்ளேன்’ என்ற பொருள்பட எழுதிவிட்டுக் கோப்பை மறந்தால் ஜிமெயில் எச்சரிக்கும். அனுப்பியதைத் திரும்பப் பெறும் அவகாசத்தை அதன் அமைப்புகளில் 30 நொடிவரை நீட்டிக்கவும் முடியும். கோப்பைச் சேர்த்து, கடிதத்தைச் சரிபார்த்து, பெறுநர் முகவரியைக் கடைசியாக நிரப்புபவர்களுக்கு இந்த அவகாசம் அதிகம் தேவைப்படாது.

ஓரிரு வாரம் கழித்து நினைவூட்டும்போதும் இடத்தைப் பற்றிய அதே கேள்வி திரும்ப வருகிறது. முன்பு அனுப்பிய தன் மெயிலுக்கே ‘ரிப்ளை’ போட்டு எழுதினால் மெயிலுக்குள் இருந்த கடிதம் கீழே தொடர்ந்து வரும், இணைப்புகள் வருவதில்லை. அவற்றை மறுபடி சேர்க்க வேண்டும். நிறுவனத்திலிருந்து பதில் வந்து அதற்கு மறுமொழி எழுதும்போதும் அப்படியே. மேலாளரைப் புதிதாக அந்த மெயிலில் சேர்த்திருந்தால், முதல் விண்ணப்பத்தின் கோப்புகள் அவரிடம் இருக்காது. ரெஸ்யூமேயை மீண்டும் இணைத்து, கடிதத்தின் முக்கியமான இரண்டு வரிகளைப் புதிய மெயிலின் மேலேயே எழுதிவிட்டால் அவர் கீழே தேடிப் போக வேண்டியிருக்காது.